டெல்டாவை வைத்து ஸ்டிரைக் தேர்வது குறித்து ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் பணிபுரிவதால் பகலில் திரையைப் பார்க்க இயலாது. ஆகவே சார்ட்டில் திசை தெரிந்தால் இரண்டு நாள் வைத்திருக்கும்படியே நிஃப்டி ஆப்ஷன் வாங்குகிறேன்.

சென்ற முறை நிஃப்டி 24,000-இல் இருக்க, காலாவதிக்கு நான்கு நாள் இருந்தபோது, விலை குறைவு என்பதற்காக 0.25 டெல்டா உள்ள 24,200 கால் ஆப்ஷனை 46 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு நாளில் நிஃப்டி நான் எண்ணியபடியே 100 புள்ளி ஏறியது. டெல்டா கணக்கில் 25 ரூபாயாவது கூடியிருக்க வேண்டும். ஆனால் விலையோ 44. நாள் செல்லச் செல்ல ஆப்ஷன் விலை கரையும் நாள் கழிவே அத்தனையையும் தின்றுவிட்டது. திசை சரியாக இருந்தும் இழந்தது மனத்தை மிகவும் வருத்துகிறது. அதே நேரத்தில் 0.50 டெல்டா கொண்ட 24,000 கால் 120-லிருந்து 144-க்கும், 0.75 டெல்டா கொண்ட 23,800 கால் 246-லிருந்து 308-க்கும் உயர்ந்திருந்தன.

இனி 0.60-க்குக் குறையாத டெல்டாவையே எடுக்க எண்ணுகிறேன். சார்ட்டில் ஸ்டாப்லாஸ் 60 புள்ளி என்றால், அதை டெல்டாவால் பெருக்கி வரும் 36 ரூபாயையே ஆப்ஷனின் ஸ்டாப்லாஸாக வைக்கலாமா, அல்லது இரண்டு நாள் கழிவையும் அதில் சேர்க்க வேண்டுமா? நிஃப்டி நகர நகர டெல்டாவும் மாறுவதால், அனுபவமுள்ளவர்கள் இதை எவ்வாறு கணக்கிடுகிறீர்கள் என்று விளக்க வேண்டுகிறேன்.