மாநாட்டு அறிக்கையில் வருகைக் கணக்கு: புதுப்பிப்பு

முதலில் நான் இங்கே கேட்டது: "பதிவு 240, காலைக் கையெழுத்து 171, சாப்பாட்டு டோக்கன் 186. அறிக்கையில் எதைப் போடுவது?"

மூன்றையும் தனித்தனி வரியில் போட்டாயிற்று. கூடுதலான 15 டோக்கனுக்குக் காரணம் எழுதாவிட்டால் தணிக்கையில் கேட்பார்கள் என்று கணக்கர் அண்ணன் சொன்னார். பார்த்தால் தன்னார்வலர் 11, ஓட்டுநர் 4, சரியாக வந்தது. கேட்டரிங் பில்லோ 240 இலைக்கு. 54 இலை வீண். இலைக்கு 160 வீதம் 8,640 ரூபாய். செலவுப் பக்கத்தில் இதைத் தனி வரியாகக் காட்டியதால் அடுத்த முறைக்கான பரிந்துரைக்கு ஆதாரம் கிடைத்தது: முந்தின நாள் போனில் வருகையை உறுதிசெய்து, அதற்குமேல் பத்து சதவீதம் மட்டும் ஆர்டர் கொடுப்பது.

கருத்துப் படிவம் 38தான் வந்தது. "சராசரி 4.6, அதைப் போடுங்க" என்று இங்கே ஒருவர் சொன்னது பாதி சரி. அதெல்லாம் நிறைவு அமர்வில் வாங்கியவை. சாப்பிட்டதும் கிளம்பியவர்கள் அதில் இல்லை. சராசரிக்குப் பக்கத்திலேயே "171 பேரில் 38" என்றும் எழுத வேண்டும்.



நேரலையில் பார்த்தவர்களை வருகையில் சேர்க்கலாமா என்பதில் இங்கேயே இரண்டு கட்சி. இப்போதைக்கு அடிக்குறிப்பில் வைத்திருக்கிறது.