Current_Pending_Sector: "நிலுவைத் துண்டு" சரியா?

செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். காணொளிக் காப்பக வட்டுகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். ஸ்மார்ட் அறிக்கையை எப்படிப் படிப்பது, எந்த வட்டை எப்போது மாற்றுவது, அவ்வளவுதான். செக்டாருக்குத் துண்டு என்றும், Reallocated என்பதற்கு "மாற்றிடம் பெற்ற" என்றும் எழுதிவிட்டேன். Pending வந்ததும் பேனா நின்றுவிட்டது. "நிலுவைத் துண்டு" என்று வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் ஒரு 4 டெராபைட் வட்டின் அறிக்கையிலிருந்து மூன்று வரிகளைக் கீழே தருகிறேன்.

```
  5 Reallocated_Sector_Ct  0x0033 100 100 010 Pre-fail Always  - 0
197 Current_Pending_Sector 0x0012 100 100 000 Old_age  Always  - 8
198 Offline_Uncorrectable  0x0010 100 100 000 Old_age  Offline - 8
```

மேலே PASSED என்றுதான் போட்டிருக்கிறது. அதனால் அவசரமில்லை, சொல்லை மட்டும் முடிவு செய்தால் போதும்.

ராஜா:

நிலுவை நல்ல சொல். எல்லோருக்கும் புரியும். எட்டுத் துண்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. வட்டு முழுக்கச் சுழியத்தை எழுதிவிடுங்கள், 197 சுழியத்துக்கு வந்துவிடும். நான் இரண்டு வட்டுகளை அப்படித்தான் சரிசெய்தேன், இன்னும் ஓடுகின்றன.

கதிர்:

செல்வி, முதலில் அந்த வட்டை நகலெடுங்கள். சொல்லைப் பற்றி அப்புறம் பேசலாம். ராஜா சொன்னதைச் செய்துவிடாதீர்கள், காணொளி மொத்தமும் போய்விடும்.

PASSED என்பதை நம்பவே கூடாது. 197இன் வரியில் எல்லை மதிப்பு 000 என்றிருக்கிறது பாருங்கள். அந்த எல்லைக்குக் கீழே எதுவும் இறங்க முடியாது. அதாவது 8க்குப் பதில் 800 இருந்தாலும் இந்த வரியால் வட்டு தேறாமல் போகாது. கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

அந்த 8 பெரும்பாலும் ஒரே இடம்தான். இப்போதைய வட்டுகள் உள்ளே 4096 பைட்டாக எழுதி, வெளியே 512 பைட்டாகக் கணக்குச் சொல்கின்றன. ஒரு இடம் கெட்டால் எட்டு ஏறும். 8, 16, 24 என்று போனால் காரணம் இதுதான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். வட்டு ஓர் இடத்தைப் படிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறது. உடனே அதை மாற்றிடத்துக்குக் கொண்டுபோக முடியாது, உள்ளே என்ன இருந்தது என்பதே அதற்குத் தெரியாதே. அடுத்த முறை அங்கே யாராவது எதையாவது எழுதும்போதுதான் சோதித்துப் பார்க்கும். எழுதியது அங்கே நிலைத்தால் கணக்கிலிருந்து நீக்கிவிடும். நிலைக்காவிட்டால் மாற்றிடம் தரும், 5ஆம் வரி ஏறும். ராஜாவின் வட்டுகளில் நடந்தது முதல் வகையாக இருக்கலாம். எழுதினால் தீரும் என்பதில் அவர் சொன்னது சரி. ஆனால் வேறிடத்தில் நகல் இருக்கிறதென்று உறுதியான பிறகே அதைச் செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் முழுச் சோதனை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இதில் "நிலுவை" என்றால், நாள் போகப் போகத் தானே வசூலாகிவிடும் என்ற எண்ணம் வரும். காப்பக வட்டில் ஒருமுறை எழுதியதை யாரும் திரும்ப எழுதுவதில்லை. அது பாட்டுக்கு அப்படியே கிடக்கும். எனவே "தீராத் துண்டு" என்று வைக்கலாமே?

மீனா:

"தீரா" என்றதும் தீரா நோய்தான் நினைவுக்கு வருகிறது. சில துண்டுகள் எழுதியதும் தேறிவிடுகின்றன என்று நீங்களே சொல்கிறீர்கள்.

என் கதையையும் கேளுங்கள். 199ஆம் வரி, UDMA_CRC_Error_Count, ஏறிக்கொண்டே போனது. பயந்துபோய் வட்டை மாற்றினேன். புது வட்டிலும் ஏறியது! கடைசியில் பார்த்தால் கேபிள். எனவே எந்த வரி வட்டைப் பற்றியது, எது வழியைப் பற்றியது என்பது பெயரிலேயே தெரிந்தால் நல்லது. 199க்கு "கடத்தல் பிழை" என்று வையுங்கள். கேபிளை மாற்றினாலும் அந்த எண் இறங்காது, ஏறுவது மட்டும் நிற்கும் என்பதையும் கையேட்டில் சொல்லிவிடுங்கள். நான் ஒரு வாரம் அது இறங்குமென்று காத்திருந்தேன்.

இளங்கோ:

செல்வியின் வரைவில் "பழைய வட்டுகளின் சுழற்சி" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. நிமிடத்துக்கு 5400, 7200 என்பதைத்தானே சொல்கிறீர்கள்? பழைய வட்டின் வேகம் குறையுமா என்ன?

செல்வி:

ஐயா, அது வட்டு சுற்றும் வேகமல்ல. புது வட்டு வரும்போது மூத்த வட்டை முதல் நகலிலிருந்து இரண்டாம் நகலுக்கு இறக்கி, இரண்டாம் நகலில் இருந்ததை வெளியே அனுப்புவது. ஆனால் நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. சுற்றுகிற பொருளுக்குப் பக்கத்தில் சுழற்சி என்று எழுதினால் யாருக்கும் இப்படித்தான் படும். "முறைமாற்று" என்று மாற்றிவிடுகிறேன்.

கதிர் அண்ணா, வேண்டியதை நேற்றே நகலெடுத்துவிட்டு, இரவில் முழுச் சோதனை போட்டேன். யூஎஸ்பி பெட்டியில் இருந்ததால் `-d sat` சேர்க்க வேண்டியிருந்தது.

```
smartctl -d sat -t long /dev/sdc
smartctl -d sat -l selftest /dev/sdc
```

முதல் முறை பெட்டி நடுவில் உறங்கிப்போய்ச் சோதனை நின்றுவிட்டது. இரண்டாம் முறை Completed: read failure என்றும், மீதி 40% என்றும், முதல் பிழை 5270114872ஆம் இடத்தில் என்றும் வந்தது. நகலெடுக்கும்போது ஒரே ஒரு கோப்பைத்தான் படிக்க முடியவில்லை. அதன் இன்னொரு நகல் வேறு வட்டில் இருக்கிறது. வட்டு ஓடிய நேரம் 31,240 மணி.

கதிர்:

நல்லவேளை. மூன்றரை ஆண்டு ஓட்டம், அத்துடன் முழுச் சோதனையில் தோல்வி. எழுதித் தேற்றினாலும் இதைக் காப்பகத்தில் வைக்க வேண்டாம். தற்காலிக வேலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சோதனை முதல் பிழையிலேயே நின்றுவிட்டது என்பதைக் கவனியுங்கள். அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அது பார்க்கவே இல்லை. அலமாரியில் உள்ள மற்ற வட்டுகளில் 197 சுழியமாக இருந்தாலும் அதே கதைதான். யாரும் படித்துப் பார்க்காத இடம் கெட்டிருந்தால் எண் ஏறாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொன்றையும் முழுக்கப் படிக்க வையுங்கள்.

எண் நன்றாக இருப்பதை வைத்து முறைமாற்றைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அளவுகளிலும் சுழியத்தோடுதான் போயின. அறிக்கை கெட்டதைச் சொன்னால் நம்புங்கள். நல்லதைச் சொன்னால் பாதி நம்புங்கள்.

சொல்லுக்கு இன்னொன்று தோன்றுகிறது: "காத்திருப்புத் துண்டு". எழுத்துக்காகக் காத்திருக்கிறது என்ற பொருள் கிடைக்கிறதே.

மீனா:

வட்டு உறங்கும் நிலையைப் பல இடங்களில் "காத்திருப்பு நிலை" என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழம்பும்.

ராஜா:

அதனால்தான் நிலுவையே போதும் என்கிறேன். நிலுவை தானாக வசூலாகும் என்று யார் சொன்னது? கேட்டால்தான் வரும். இதுவும் எழுதினால்தான் தீரும்.

கதிர்:

அது நியாயம்தான். இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

செல்வி:

இப்போதைக்கு "நிலுவைத் துண்டு" என்றே போட்டு, கீழே "தானாகத் தீராது, முதலில் நகலெடுக்கவும்" என்று ஒரு வரி சேர்க்கிறேன். "முறைமாற்று", "கடத்தல் பிழை" இரண்டும் உறுதி. 198க்கு "மீட்கவியலாத் துண்டு" என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஒரே இடம்தான் இரண்டு வரியிலும் 8 என்று வந்திருக்கிறது போல. ஒன்றை நிலுவை என்றும் இன்னொன்றை மீட்கவியலாதது என்றும் சொன்னால் படிப்பவர் எதை நம்புவார்?