ஊர் விளைச்சலைப் பார்த்து என் வயலுக்குக் கணக்கா?

மேலூர் கடைமடை விவசாயி: பெரியாறு ஒருபோகப் பாசனத்தில் கடைசி மடை என்னுடையது. பயிர்க் காப்பீடு செய்திருந்தும், ஒன்றரை ஏக்கர் நெல் கருகியதற்குக் காசு வரவில்லை. கிராமத்தின் சராசரி விளைச்சல் குறையவில்லையாம். பணம் கட்டியவன் வயலைப் பார்க்காமல் ஊரைப் பார்ப்பது என்ன நியாயம்?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்: தனி வயலுக்குத் தனி இழப்பீடு என்றால், குருத்துப்பூச்சி விழுந்த வயலுக்கு மருந்தடிக்க அலைவதா, பேசாமல் விட்டுவிடுவதா என்ற எண்ணம் சிலருக்காவது வரும். கருகியது தண்ணீர் வராமலா, கவனிக்காமலா என்பதைப் பின்னால் வருபவர் அறிய வழியில்லை. அதனால்தான் கிராமத்தில் நான்கு இடங்களில் அறுத்து எடைபோட்டு, முந்தைய ஆண்டுகளை வைத்து வகுத்த உத்தரவாத விளைச்சலோடு ஒப்பிடுகிறார்கள். அது ஏக்கருக்கு 2,000 கிலோ, அறுத்தது 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவு கால் பங்கு, ஆகவே 30,000 ரூபாய்க் காப்பீட்டில் எல்லோருக்கும் 7,500 ரூபாய். பயிரைக் காப்பாற்றியவரும் அதைப் பெறுவார் என்பதால் யாரும் வயலைக் கைவிட மாட்டார்கள்.

உசிலம்பட்டி மானாவாரி: ஐயா, பிள்ளையைப்போல வளர்த்த பயிரை எந்த விவசாயியும் சாகவிடமாட்டான். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் காப்பீடு கட்டாயமில்லை என்றானதால், கிணற்றுப் பாசனக்காரர்கள் விலகிவிட, எங்களைப் போல மழையை நம்பியவர்கள் மட்டுமே சேருகிறோம். இழப்பு மிகுந்தவர்களே மிஞ்சினால் எங்கள் கட்டணம்தானே ஏறும்?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்: பாதி சரி, தம்பி. சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு 1.5 சதவீதத்துக்கு மேல் போகாது. ஏறுகிற மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் சுமக்கின்றன. ஒரே கிராமத்துக்குள் யார் சேர்ந்தாலும் இழப்பீட்டு விகிதம் ஒன்றே என்பதால், மோசமான வயல்காரர் மட்டும் சேர்வதால் கணக்கு மாறாது. அடிக்கடி பொய்க்கும் கிராமங்கள் முழுதாகச் சேர்ந்து, நன்றாக விளையும் கிராமங்கள் விலகும்போதுதான் மாறுகிறது. மழை பொய்த்ததைப் பார்த்துவிட்டுச் சேராதிருக்கவே கடைசித் தேதியும் வைத்திருக்கிறார்கள்.

திருமங்கலம் வாசகர்: என் தந்தையின் சர்க்கரை நோயை எழுதாமல் மருத்துவக் காப்பீடு எடுத்தோம், கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். அதுவும் இதே கதைதானா?

உசிலம்பட்டி மானாவாரி: ஆமாம், நோய் தெரிந்தவர் மறைத்துச் சேர்ந்தால் எல்லோருக்கும் கட்டணம் ஏறும் என்ற அதே பயம்தான். ஆனால் இங்கே மேலூர்க்காரருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லையே.

மேலூர் கடைமடை விவசாயி: அதைத்தான் கேட்கிறேன். அறுத்துப் பார்த்த நான்கு வயலும் தலைமடையில் இருந்தால், என் வயல் காய்ந்தது எந்தக் கணக்கில் வரும்?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்: வராது; இந்த முறையின் உண்மையான குறை அது. ஆலங்கட்டி மழை போன்றவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் தனி வயலைப் பார்ப்பார்கள், வறட்சிக்கு அப்படி இல்லை. கடைமடையைத் தனி அலகாகப் பிரிக்கலாம்தான், ஆனால் பத்துப் பேர் கொண்ட அலகில் ஒருவர் கவனம் குறைந்தாலும் சராசரி அசையும்.

மேலூர் கடைமடை விவசாயி: பத்துப் பேர் வேண்டாம் ஐயா, எங்கள் கால்வாயின் கடைமடையில் மூன்று கிராமத்து வயல்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்தால் போதாதா?