‘இம்பாக்ட்’ கட்டத்துக்குத் தமிழ்ச் சொல்: தாக்கமா, விளைவா, விளைபயனா?

முத்துவேல், சூரமங்கலம்:

எங்கள் நெசவாலையில் மேற்பார்வையாளர்கள் வருடாந்தரத் தன்மதிப்பீட்டை முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் மாற்றிப் படிவத்தில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்காக ஒரு சொற்பட்டியல் தயாராகிறது. ‘இம்பாக்ட்’ என்ற கட்டத்துக்கு மட்டும் சொல் பிடிபடவில்லை. ஹியூமிடிட்டி பிளான்ட் பார்க்கும் ஒருவர் எழுதியதை மாதிரிக்குத் தருகிறேன்:

“ஏ ஷெட்டில் ஈரப்பதம் நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு, தறிகளின் எஃபிஷியன்சி உயர்த்தப்பட்டது.”

எஃபிஷியன்சி, அதாவது தறி ஓடவேண்டிய நேரத்தில் உண்மையில் ஓடிய பங்கு, ஏப்ரல், மே இரண்டு மாதச் சராசரியாகப் போன வருஷம் 78 சதவீதம், இந்த வருஷம் 84. தண்ணீர் தெளிக்கும் நாசில்களை வாரம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யும் முறையை அவர்தான் கொண்டுவந்தார். சொல்லையும் தாருங்கள், இந்த வாக்கியத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

கௌசல்யா, அம்மாப்பேட்டை:

‘தாக்கம்’ பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட சொல். இனி வேறு தேட வேண்டியதில்லை. வாக்கியத்தில்தான் குறை. செயப்பாட்டு வினையில் எழுதினால் செய்தவர் யார் என்றே தெரியாது. “உயர்த்தினேன்” என்று எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வலுவான வினைச்சொல்லாக, ‘ஸ்பியர்ஹெட்டட்’ மாதிரி ஒன்று போட்டு, எட்டு சதவீத உயர்வு என்று எழுதலாம். 78-இலிருந்து 84 என்றால் கிட்டத்தட்ட அவ்வளவுதானே வருகிறது.

மரியதாஸ், ஏற்காடு:

தன்மதிப்பீடு என்ற சொல்லே எனக்கு இடிக்கிறது. சுயமதிப்பீடு என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம்.

தாக்கம் வேண்டவே வேண்டாம். காபித் தோட்டத்தில் ‘இந்த வருஷம் தாக்கம் அதிகம்’ என்றால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி செடியில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஃபீல்டு ஆபீசர் படிவத்தில் ‘என் தாக்கம்’ என்று எழுதினால் ஆட்கள் சிரிப்பார்கள். அவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. துளைப்பான் பிடித்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிப்பது அவர் வேலை. பிடுங்கிய செடிக் கணக்கைப் பெரிதாகக் காட்டினால், நன்றாக வேலை செய்தார் என்று படிப்பதா, தோட்டத்தைக் கோட்டைவிட்டார் என்று படிப்பதா?

செண்பகம், அஸ்தம்பட்டி:

சொல்லுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த எட்டு சதவீதம்.

78-இலிருந்து 84-க்குப் போனது ஆறு சதவீதப் புள்ளி. 78-ஐ அடிப்படையாக வைத்து வகுத்தால் 7.7 வரும், அதைத்தான் கௌசல்யா எட்டாக்கியிருக்கிறார். கணக்கு தவறில்லை. ஆனால் எஃபிஷியன்சியே சதவீதத்தில் சொல்லப்படுவது. அதன்மேல் ‘எட்டு சதவீதம் உயர்ந்தது’ என்றால் 78 இப்போது 86 ஆகிவிட்டது என்றுதான் மேலாளர் படிப்பார். பிறகு மாத அறிக்கையில் 84-ஐப் பார்த்தால் மீதி வாக்கியங்களையும் நம்பமாட்டார். 78, 84 இரண்டையும் அப்படியே எழுதிவிடுங்கள்.

மாதத்தை மாற்றாமல் ஒப்பிட்டது ரொம்பச் சரி. சேலத்துக் கோடையில் மத்தியானம் ஷெட் காய்ந்துபோகும், பாவு இழை அறும், தறி நிற்கும். ஐப்பசி மழையில் பிளான்ட் ஒழுங்காக ஓடாவிட்டாலும் ஈரப்பதம் தானாக நிற்கும். போன ஏப்ரலை நவம்பரோடு ஒப்பிட்டிருந்தால் மழை செய்த வேலையும் அவர் கணக்கில் ஏறியிருக்கும்.

அடுத்து, அந்த ஆறு புள்ளியும் நாசிலால் வந்ததா? அதே சமயத்தில் நூல் மாறியதா? பி ஷெட்டில் இந்தச் சுத்தம் செய்யும் முறை உண்டா? அது தெரியாமல் ஆங்கிலம் எழுத முடியாது.

முத்துவேல்:

நூல் மாறியதும்மா. ஜனவரியிலிருந்து இரண்டு ஷெட்டுக்கும் புது ஆலையின் நூல். பி ஷெட்டில் நாசில் முறை இன்னும் வரவில்லை. அங்கே 79-இலிருந்து 81.

செண்பகம்:

அப்படியானால் நூல் மாறியது மட்டும் பி ஷெட்டில் இரண்டு புள்ளி கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏ ஷெட்டின் ஆறில் அந்த இரண்டைக் கழித்தால் நான்கு. அதுதான் நாசில் முறையின் பங்கு, அதுவும் மதிப்பீடாகத்தான். நான்கு சின்னதாகத் தெரிந்தால், மூன்று ஷிப்டும் ஓடும் தறிக்கு அது நாளுக்கு ஏறக்குறைய 58 நிமிட ஓட்டம். அதைப் பணமாக மாற்றி எழுத வேண்டுமென்றால் கணக்குப் பிரிவு கொடுத்த தொகையை மட்டும் போடுங்கள். தானாகப் பெருக்கிப் போட்ட தொகையைத்தான் முதலில் கேள்வி கேட்பார்கள்.

வினைச்சொல்லில் கௌசல்யா பாதி சரி. “உயர்த்தப்பட்டது” போகட்டும். அதற்காக “உயர்த்தினேன்” என்றும் எழுத முடியாது, எஃபிஷியன்சியை உயர்த்துவதில் தறி ஓட்டுபவருக்கும் பிட்டருக்கும் பங்கு உண்டு. அவர் கையால் நடந்தது என்னவோ அதற்கு மட்டும் ‘நான்’ வரட்டும்: முறையை வகுத்தேன், மூன்று ஷிப்ட் ஆட்களுக்குப் பழக்கினேன். ‘ஸ்பியர்ஹெட்டட்’ என்று போட்டால் கீழே ஒரு குழுவும் பட்ஜெட்டும் இருந்ததாக ஆகிவிடும். நம் ஆட்கள் எதிர்ப்பக்கமும் சறுக்குவார்கள். முழுவதையும் தானே செய்துவிட்டு ‘உதவியாக இருந்தேன்’ என்று தமிழில் எழுதுவார்கள். அது ‘ஹெல்ப்டு’ என்று மாறும்போது வேறு யாரோ செய்ததற்கு இவர் கைகொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘பார்த்துக்கொண்டேன்’ என்பதும் ஆபத்து. ‘மேனேஜ்டு’ என்று மாற்றினால் அதிகாரம் இருந்ததாகப் பொருள்படும்.

தமிழ் வரைவு இப்படி இருந்தால் போதும்: “ஏ ஷெட் பிளான்டில் நாசில்களை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யும் முறையை வகுத்து, மூன்று ஷிப்ட் ஆட்களுக்கும் பழக்கினேன். ஏப்ரல்–மே எஃபிஷியன்சி போன வருஷம் 78, இந்த வருஷம் 84. அதே புது நூல் ஓடிய, இந்த முறை இல்லாத பி ஷெட்டில் 79-இலிருந்து 81. ஆகவே சுமார் நான்கு புள்ளி இந்த முறையால் வந்ததாக மதிப்பிடுகிறேன்.”

படிவத்தில் ஏற்ற வேண்டியது:

```
I set up weekly nozzle cleaning at the Shed A humidity
plant and trained attendants on all three shifts.
Shed A loom efficiency in April-May was 84%, against
78% in the same months last year. Shed B, on the same
new yarn but without this cleaning, went from 79% to 81%.
I estimate about 4 percentage points came from the cleaning.
```

இனி சொல். ‘விளைவு’ நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவானது, மொத்த ஆறு புள்ளிக்கு அது பொருந்தும். அவரவர் செயலால் வந்த நான்குக்கு ‘விளைபயன்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. தமிழ் வரைவிலேயே இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டால் ஆங்கிலத்தில் மிகை தானாகக் குறையும்.

மரியதாஸ் ஐயா, உங்கள் ஆபீசர் பிடுங்கிய செடிகளை விளைபயனாகக் காட்ட வேண்டாம், அது வேலையின் அளவு. அதே பிளாக்கில் அடுத்த தேடலில் புதிதாக எத்தனை செடியில் துளைப்பான் இருந்தது என்பதை எழுதச் சொல்லுங்கள். மகசூலைத் தொடவேண்டாம். அரபிகா ஒரு வருஷம் நிறையக் காய்த்து அடுத்த வருஷம் குறையும். காய்ப்பு வருஷத்தில் எல்லோருமே கெட்டிக்காரர்கள்தான்.

கௌசல்யா:

புள்ளிக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ‘விளைபயன்’ என்றால் எனக்கு அறுவடைதான் நினைவுக்கு வருகிறது. படிவத்தை நிரப்பும் 25 வயதுப் பையனுக்கு ‘விளைவு’, ‘என் பங்கு’ என்று இரண்டு கட்டம் போதும். கலைச்சொல் எதற்கு?

மரியதாஸ்:

‘என் பங்கு’ எனக்கும் சம்மதம். ஆனால் அடுத்த தேடலில் செடி குறைந்தால், ஆட்கள் சரியாகத் தேடவில்லை என்றும் இருக்கலாமே?

செண்பகம்:

இருக்கலாம். அதனால் இன்னொரு மேஸ்திரியை விட்டுச் சில வரிசைகளை மறுபடி பார்க்கச் சொல்லி, அந்த எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

முத்துவேல்:

பட்டியலில் இப்போதைக்கு ‘விளைவு’, ‘என் பங்கு’ என்று போட்டு, ‘விளைபயன்’ என்பதை அடைப்புக்குறியில் வைக்கிறேன். ஒரு சந்தேகம் பாக்கி. பி ஷெட்டின் 12 தறிகளில் நான்கில் இந்த மே மாதம் வேறு கவுன்ட், அதாவது வேறு தடிமன் நூல் ஓடியது. ஒப்பீடு நிற்குமா?

செண்பகம்:

அந்த நான்கை இரண்டு வருஷத்திலிருந்தும் எடுத்துவிட்டு மீதி எட்டுத் தறிக்குச் சராசரி போடுங்கள். நான்கு புள்ளி என்பது மூன்று புள்ளியாகக் குறைந்தால் மூன்று என்றே எழுதுங்கள். தறிவாரியான பதிவு கிடைக்கவில்லை என்றால் பி ஷெட்டைப் பற்றிய வரியையும் கடைசி வரியையும் எடுத்துவிட்டு, நூலும் அதே காலத்தில் மாறியது என்று ஒரு வரி சேருங்கள்.