ஆத்துல மேல போக ஒரு பேஸ், கீழ வர ஒரு பேஸ்: உங்க அனுபவம் என்ன?

பென்னாகரத்தான்
நாகமரை பக்கம் மேட்டூர் டேம் தண்ணி ஏறி நிக்குற எடத்துல நாங்க சிலபேர் நீந்துறோம், மிதவை கட்டிக்கிட்டுதான், பக்கத்துல ஒரு பரிசல் அண்ணன் வருவாரு. கரையில ஒரு புளியமரத்துல இருந்து பாறை வரைக்கும் மேப்புல அளந்தா 600 மீட்டர். போன ஞாயித்துக்கிழமை எதிர்த்து மேல போக 15 நிமிஷம், திரும்பி வர 10 நிமிஷம். கைவீச்சு ரெண்டு பக்கமும் ஒரே வேகம்தான், அதை வாட்ச்ல பாத்துட்டேன். பூல்ல எனக்கு நூறு மீட்டருக்கு 2 நிமிஷம், அப்படின்னா 1200 மீட்டருக்கு 24 தானே வரணும், போறப்போ தடுத்தது வர்றப்போ தள்ளிருச்சே, அந்த ஒரு நிமிஷம் எங்க போச்சு?

மாங்கா மண்டி
ப்ரோ அதெல்லாம் கேன்சல் ஆயிடும். 1 நிமிஷம்ங்கிறது டயர்டு, காலைல சாப்பிடாம போயிருப்பீங்க.

பாலக்கோடு டீச்சர்
கேன்சல் ஆவாதுங்க. பேஸ்ல யோசிக்காம ஒரு நிமிஷத்துக்கு எத்தன மீட்டர்னு பாருங்க. மேல போறப்ப 600-ஐ 15-ஆல வகுத்தா 40, கீழ வர்றப்ப 60. நடுவுல 50, அதுதான் தம்பி உங்க சொந்த வேகம், அதாவது நூறுக்கு 2 நிமிஷம். மீதி 10 மீட்டர் ஆத்தோடது, ஒரு தடவ கழிக்குது ஒரு தடவ கூட்டுது. வேகத்துல சரியா கேன்சல் ஆவுது, நேரத்துல ஆவல, ஏன்னா தடுக்குற தண்ணில நீங்க 15 நிமிஷம் இருந்தீங்க, தள்ளுற தண்ணில 10 நிமிஷந்தான். ஒழுக்கு 25 மீட்டரா இருந்திருந்தா மேல போகவே 24 நிமிஷம், கீழ 8, மொத்தம் 32 ஆயிருக்கும். அதனால ரெண்டு பேஸையும் கூட்டி ரெண்டால வகுக்காதீங்க, 2:30-யும் 1:40-யும் சேத்தா 2:05 வரும், அது உங்க வேகம் இல்ல.

மாங்கா மண்டி
சரி டீச்சர், அப்ப 10 நிமிஷம் மேல 10 நிமிஷம் கீழ நீந்துனா கேன்சல் ஆவும்ல? நான் சொன்னது அதுதான் 😄

பாலக்கோடு டீச்சர்
ஆவும், ஆனா பொறப்பட்ட எடத்த தாண்டி 200 மீட்டர் கீழ போய் நிப்பீங்க. அங்கேருந்து ஏறி வாங்க.

சூளகிரி சுரேசு
ஒகேனக்கல்ல குளிக்க இப்ப விடுறாங்களா? குடும்பத்தோட வரலாம்னு இருக்கேன்

பரிசல் வீட்டுப் பையன்
அண்ணா அது வேற எடம், அங்க நீந்துறத பத்தியே பேசாதீங்க. பாறை இடுக்குல சுழல் இருக்கு, முதலையும் இருக்கு. பிலிகுண்டுலுல தண்ணி ஏறுச்சுன்னா குளிக்கவும் விடமாட்டாங்க பரிசலும் நிறுத்திருவாங்க. நாகமரைக்கு வரேன். டேம்ல தண்ணி நெறஞ்சு 120 அடி பக்கம் நின்னா அங்க ஏரி மாதிரிதான், ஒழுக்கே தெரியாது. டேம் எறங்க எறங்க அதே எடம் மறுபடி ஆறா மாறிடும். அதனால போன மாசத்து டைமையும் இந்த மாசத்து டைமையும் சேத்து வச்சு பாக்கறதுல அர்த்தமே இல்ல. எங்க மாமா எதிர்த்து வர்றப்போ நடு ஆத்துல வரமாட்டாரு, கரையோரமாதான் தள்ளிட்டு வருவாரு, அங்க ஒழுக்கு கம்மி.

பென்னாகரத்தான்
நாங்களும் மேல போறப்ப கரைய ஒட்டிதான் போனோம், வர்றப்பதான் நடுவுல.

பாலக்கோடு டீச்சர்
அப்ப என் கணக்கு ஆட்டம் கண்டுரும். மேல 8-ம் கீழ 12-ம் இருந்திருந்தா உங்க வேகம் 48, நூறுக்கு 2:05. மொத்த நேரம் அதே 25 நிமிஷந்தான், அத வச்சு எதுன்னு பிரிக்க முடியாது. நீந்துறதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் பாட்டில முக்கால்வாசி தண்ணி ஊத்தி மூடி விடுங்க, காலியா விட்டா காத்து தள்ளிரும். ஒரு 50 மீட்டர் போக எவ்ளோ நேரம்னு கரையோரமும் நடுவுலயும் தனித்தனியா பாருங்க, 5 நிமிஷம் ஆச்சுன்னா ஒழுக்கு 10.

ஊத்தங்கரை மீன்
இன்னொண்ணு. 25 மீட்டர் பூலா? ஒவ்வொரு திருப்பத்துலயும் சுவத்த ஒதச்சு தள்ளிட்டு வர்றீங்கல்ல, அந்த 2 நிமிஷத்துல அதுவும் சேந்து இருக்கு. ஆத்துல ஒதைக்க சுவரு ஏது? அதனால எனக்கு 2:05-தான் நம்பற மாதிரி இருக்கு.

பென்னாகரத்தான்
25 தான். ஆனா மிதவை இழுத்துட்டு போறதும் இருக்கே அக்கா, அது எவ்ளோ பிடிக்கும்னு யாராவது பாத்திருக்கீங்களா? வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பாட்டில் எடுத்துட்டு போறேன்.

மாங்கா மண்டி
பாட்டில மறக்காம திருப்பி எடுத்துட்டு வாங்க, பரிசல் அண்ணன் திட்டுவாரு