அயர்லாந்து பஞ்சம்: கப்பலில் போன தானியம்

மாறன்77: 1845-ல அயர்லாந்துல உருளைக்கிழங்கு நோய் வந்துச்சு, ஜனங்க செத்தாங்க. நாட்டுல உணவே இல்லாதப்போ பிரிட்டன் என்ன பண்ணும்? பஞ்சத்துக்கு அவங்கதான் காரணம்னு சும்மா திட்டாதீங்க.

கரிசல்காரி: உணவே இல்லையாம்! அப்போ ஓட்ஸும் வெண்ணெயும் ஏத்திக்கிட்டு, சிப்பாய் காவலோட இங்கிலாந்துக்குப் போன கப்பல்லாம் காத்தையா சுமந்துச்சு?

மாறன்77: 1847-ல ஏற்றுமதியைவிட இறக்குமதி பல மடங்கு அதிகம் மேடம். படிச்சிட்டு வாங்க.

பழஞ்சுவடி: வருஷக் கணக்கு காட்டி வயித்தை ஏமாத்த முடியாது தம்பி. 1846 விளைச்சல் கிட்டத்தட்ட முழுசா அழுகிப்போச்சு. வெளிநாட்டு மக்காச்சோளம் பெருசா வந்து இறங்கினது 1847 வசந்தத்துல. நடுவுல இருந்த குளிர்காலத்துலயும் தானியம் வெளியே போய்க்கிட்டுதான் இருந்துச்சு.

கரிசல்காரி: அதைத்தானே சொல்றேன். கப்பலை நிறுத்தியிருந்தா ஒருத்தனும் செத்திருக்க மாட்டான்.

பழஞ்சுவடி: அதுவும் பாதிதான்மா. அந்த ஓட்ஸ் குடியானவன் குத்தகைப் பணம். வித்துக் கட்டலைன்னா நிலக்காரன் வீட்டை இடிச்சு விரட்டுவான். குடியானவன் தின்னது கிழங்கு மட்டும். கப்பல் நின்னிருந்தாலும் வாங்கக் காசு வேணுமே? கூலிக்கு ரோடு போட வச்சாங்க. பட்டினி கிடந்தவன் பனியில கல்லு உடைச்சான், அந்தக் கூலிக்கு ஏறின விலையில மாவு கட்டுப்படியாகலை.

நீலகிரித்தோட்டம்: எங்க கோத்தகிரி தோட்டத்துலயும் போன மழையில இதே கருகல். மேகம் மூடி நாலு நாள்ல இலை கறுத்துப்போச்சு. மருந்து அடிச்சுத்தான் பாதியைக் காப்பாத்தினேன். அவங்க ஏன் அடிக்கலை?

பழஞ்சுவடி: இந்தக் கருகலுக்கு அடிக்கிற போர்டோ கலவையே 1880-கள்லதாங்க வந்துச்சு.

மாறன்77: பிரிட்டிஷ் பிரதமர் பீல் 1 லட்சம் பவுனுக்கு மக்காச்சோளம் வாங்கினாரே, அதை ஏன் மறைக்கிறீங்க?

பழஞ்சுவடி: மறைக்கலையே. 1846 நடுவுல பீல் பதவியே போச்சு. அப்புறம் ரஸ்ஸல் ஆட்சி, கருவூலத்துல அதிகாரி டிரெவெல்யன். சந்தை பார்த்துக்கும்னு இருந்தாங்க. ஆனா 1847 கோடையில கஞ்சித்தொட்டி திறந்தாங்க, உச்சத்துல தினம் 30 லட்சம் பேருக்கு ஊத்தினாங்க. அப்போ முடியும்னு தெரிஞ்சுதுல்ல? இலையுதிர் காலத்துக்குள்ள மூடிட்டு, உள்ளூர் வரியில பார்த்துக்கோன்னு தள்ளிவிட்டாங்க. அந்த வருஷம் நோய் குறைவு. ஆனா விதைக்கிழங்கையே தின்னுட்டதால நட்டதே கொஞ்சம். இதுல கால் ஏக்கருக்கு மேல வச்சிருந்தா உதவி கிடையாது, நிலத்தை விட்டாத்தான் சோறு. 1848-ல நோய் திரும்பி வந்தப்போ கஞ்சித்தொட்டி திரும்பலை.

கரிசல்காரி: அந்த டிரெவெல்யன்தானே பின்னால மெட்ராஸ் கவர்னர்? நமக்கும் அனுப்பியிருக்காங்க பாரு!

மாறன்77: புது வரி வேணாம்னு மேலிடத்தை எதிர்த்து 1860-ல பதவி இழந்தவர் அவர். மெட்ராஸுக்கு நல்லவர்தான்.

கரிசல்காரி: ஓ, இப்போ வக்கீல் வேலையா? போன மாசம் தாது வருஷப் பஞ்சத்துக்கும் இதே பாட்டுதான் பாடினீங்க.

பழஞ்சுவடி: கவர்னரை விடுங்க. கஞ்சித்தொட்டியை ஏன் மூடினாங்கன்னு ரெண்டு பேரும் பதில் சொல்லலை.

மாறன்77: இறக்குமதிதான் அதிகம். அவ்ளோதான்.

கரிசல்காரி: கப்பல் போச்சா இல்லையா?

நீலகிரித்தோட்டம்: அவங்க போட்ட ரகம் என்னன்னு யாராவது சொல்லுங்களேன்.

பழஞ்சுவடி: லம்பர். அதையே எல்லாரும் நட்டாங்க. நீங்க ஒருத்தராவது விஷயத்தைக் கேட்டீங்க.