நாலு வயது மகள், சின்ன வீடு: கழுவினால் போகிற கலர் எது?

கீழ்க்கட்டளைக்காரர்:
மகளுக்கு நாலு வயது. ஒரு பெட்ரூம் வாடகை வீடு, மேசை போடக்கூட இடமில்லை. அட்டையில் 'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருந்த கிரேயான் வாங்கிக் கொடுத்தோம். கூடத்துச் சுவர் முழுக்கக் கிறுக்கிவிட்டாள். ஈரத்துணியால் தேய்த்தால் கோடு போகவில்லை, சுவரின் வெள்ளைதான் துணியோடு வந்தது. உண்மையில் கழுவக்கூடியது எது? எங்கே உட்கார வைத்து வரைய விடுகிறீர்கள்?

மொட்டைமாடி அம்மா:
கடைச் சரக்கே வேண்டாம். சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சி மாதிரி காய்ச்சி ஆறவிடுங்கள். கொஞ்சம் மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, ஃபுட் கலர் என்று பிரித்துக் கலந்தால் போதும். எல்லாம் சமையல் சாமான். வாயில் வைத்தாலும் பயமில்லை, கழுவினாலும் போய்விடும்.

நர்சரி டீச்சர்:
முதல் பாதி சரி, வாயில் போனால் பயமில்லை. ஆனால் கழுவினால் போய்விடும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபுட் கலர் பருத்தித் துணியைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் கறையைப் பற்றி நம் வீடுகளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கீழ்க்கட்டளைக்காரரே, 'நான்-டாக்ஸிக்' என்பது விஷமில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. சாதாரண கிரேயான் மெழுகு, தண்ணீரில் கரையாது. 'வாஷபிள்' என்று தனியாகப் போட்ட கிரேயான், ஸ்கெட்ச் பேனா, போஸ்டர் கலர் வாங்குங்கள். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய வெள்ளை பனியனில் ஊதா, சிவப்பு, கருநீலம் மூன்றையும் ஒரு பொட்டு வைத்து ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். காலையில் பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்பு போடுங்கள். எடுத்ததும் வெந்நீர் வேண்டாம், சில சாயம் அதில் இறுகிவிடும். இந்த மூன்றும் போனால் மஞ்சள், ஆரஞ்சுக்குக் கவலை இல்லை.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். விரலால் தொட்டு வரைகிற கலருக்கு ஐ.எஸ். 9873 என்ற பொம்மைத் தர விதியில் தனிப் பகுதியே இருக்கிறது. விரல் கலர் வாங்கினால் அதைத் தேடிப் பாருங்கள்.

பெயின்ட் வேலை பார்க்கிறவன்:
கலரை விடுங்கள், சுவரைப் பாருங்கள். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அப்படியானால் அது டிஸ்டம்பர். அதற்கு எந்த வாஷபிள் கலரும் உதவாது, துடைக்கும்போது சுவர்ப் பூச்சே கரைந்து வரும். எமல்ஷன் அடித்த சுவரில்தான் துடைத்து எடுக்க முடியும்.

இப்போது இருக்கிற மெழுகுக் கோட்டை இனிமேல் தண்ணீர் வைத்துத் தேய்க்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் விளிம்பால் மெதுவாகச் சுரண்டி, மெல்லிய உப்புக்காகிதம் போட்டு, அந்த இடத்தில் மட்டும் பிரைமர் தொட்டு அப்புறம் டிஸ்டம்பர் அடிக்க வேண்டும். பிரைமர் இல்லாமல் அடித்தால் மெழுகின் மேல் பூச்சு நிற்காது. பழைய சுவருக்கு நிறம் ஒத்துப்போவது மட்டும் கஷ்டம், திட்டாகத்தான் தெரியும். குழந்தை கை எட்டும் உயரம் வரை எமல்ஷன் அடித்துவிட்டால் நிம்மதி.

மொட்டைமாடி அம்மா:
அண்ணா, வாடகை வீட்டில் அவ்வளவு செலவு யார் செய்வார்கள்? சோபா பின்னால் இருக்கும் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டிவிட்டால் போயிற்று.

பெயின்ட் வேலை பார்க்கிறவன்:
செலோடேப்பில் ஒட்டாதீர்கள் அம்மா. பிரிக்கும்போது டிஸ்டம்பரும் பட்டையாக உரிந்து வரும்.

அடையாறு அப்பா:
நல்ல நேரத்தில் வந்த பேச்சு. என் பையன் ஒன்பது வயது, அக்ரிலிக் கிளாஸ் போகிறான். ஜீன்ஸில் காய்ந்துபோய்விட்டது. எந்தச் சோப்பு?

நர்சரி டீச்சர்:
அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போதே அலசியிருந்தால் போயிருக்கும். காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரிதான். அந்த ஜீன்ஸையே கிளாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு வயதுக்கு அக்ரிலிக் வேண்டவே வேண்டாம்.

பெரம்பூர் பாட்டி:
இடத்துக்கு நான் சொல்கிறேன். நாங்களும் ஒரே கூடத்தில்தான் இருக்கிறோம். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் வைத்து, அதற்குள்ளேதான் பேப்பரும் கலரும். கொட்டினாலும் விளிம்பைத் தாண்டாது. பாட்டில் கலர் வாங்குவதில்லை, வில்லை வில்லையாக வரும் வாட்டர் கலர்தான். தண்ணீர், அடி அகலமான கிண்ணத்தில் இரண்டு விரற்கடை. டம்ளரில் வைத்தால் பேத்தி பிரஷ்ஷோடு சேர்த்துச் சாய்த்துவிடுவாள். ஈரப் படங்கள் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும். மற்றதெல்லாம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் அடக்கம், அது கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

விரல் கலர் என்றால் குளியலறை டைல்ஸில் விடுவேன், ஆனால் நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்க மாட்டேன். சின்னக் குழந்தை தலைகீழாக விழுந்தால் வாளித் தண்ணீரே போதும்.

கீழ்க்கட்டளைக்காரர்:
எங்கள் சுவர் டிஸ்டம்பர்தான், கை வெள்ளையாகிவிட்டது. தாம்பாளம் இருக்கிறது. வாஷபிள் ஸ்கெட்ச் பேனா வாங்கி பனியன் சோதனையும் செய்தேன். சிவப்பும் நீலமும் போயின, ஊதா லேசாக நிற்கிறது.

நர்சரி டீச்சர்:
ஊதாவை எடுத்து ஒளித்துவிடுங்கள். கருநீலத்திலும் சிவப்பிலும் மாற்றி மாற்றிக் கிறுக்கினால் ஊதா நிறத்தை அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

மொட்டைமாடி அம்மா:
எங்கள் வீட்டில் ஊதா இரண்டாவது துவைப்பில் போனது. இன்னொரு தடவை ஊறவைத்துப் பாருங்களேன். சோளமாவையும் நான் விடுவதாக இல்லை, பழைய சட்டை போட்டுவிட்டால் கறை பட்டால் என்ன?